துவைத்த துணியில் கோளாறா? பிரித்த இடத்தில் தேடுங்கள்

மெஷின் கதவைத் திறக்கும்போது துணி சரியில்லை என்றால் முதலில் சோப்புத்தூளைத் திட்டுவோம். அப்புறம் தண்ணீரை, அப்புறம் மெஷினை. ஆனால் பெரும்பாலும் தவறு இவை மூன்றுக்கும் முன்பே, கூடையைக் கவிழ்த்துத் துணியைக் குவித்த இடத்திலேயே நடந்து முடிந்திருக்கும்.

துணியைப் பிரிக்க வேண்டிய விதம் மூன்று: நிறம், துணி வகை, அழுக்கின் அளவு. நிறம் பார்த்துப் பிரிக்க எல்லோருக்கும் தெரியும். துணி வகையைப் பாதிப் பேர் பார்ப்பார்கள். அழுக்கைப் பார்த்துப் பிரிக்கிறவர்கள் குறைவு. தீராமல் இழுத்துக்கொண்டே போகிற புகார்கள் அந்தக் கடைசி இடத்தில்தான் வருகின்றன. கீழே ஒவ்வொரு அறிகுறியாக வைத்து, எந்தப் பிரிப்பு தவறியது என்று எப்படிக் கண்டுபிடிப்பது, கெட்டதை எவ்வளவு தூரம் மீட்கலாம் என்று எழுதியிருக்கிறேன். உங்கள் துணியில் தெரிகிற அறிகுறிக்கு நேராகப் போய்விடலாம்.

வெள்ளையில் வேறு நிறம் ஏறியிருக்கிறது

முதல் வேலை, துணியைக் காயப்போடாமல் இருப்பது. சாயம் ஏறிய துணி ஈரமாக இருக்கும்வரை அந்தச் சாயத்தை வெளியே எடுக்க வாய்ப்பு அதிகம். காய்ந்த பிறகு, அதிலும் டிரையரிலோ இஸ்திரிப் பெட்டியிலோ சூடு பட்ட பிறகு, சாயம் நூலில் இன்னும் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும்.

இரண்டாவது வேலை, நிறம் எப்படி ஏறியிருக்கிறது என்று பார்ப்பது. துணி முழுக்க ஒரே சீராக வெளிர் ரோஸோ வெளிர் நீலமோ இருந்தால், துவைக்கிற தண்ணீரிலேயே சாயம் கரைந்திருக்கிறது என்று அர்த்தம். அப்படியென்றால் அந்தத் துணி இந்தக் குவியலில் இருந்திருக்கவே கூடாது. மாறாக, ஒரு தோள்பட்டையிலோ கை நுனியிலோ மட்டும் திட்டாக இருந்தால், துவைக்கும்போது நடந்ததைவிட, துவைத்து முடித்தபின் டிரம்முக்குள் ஈரத்தோடு ஒன்றின்மேல் ஒன்று அழுந்திக் கிடந்தபோது ஒட்டியது என்று சந்தேகப்படலாம். மெஷின் நின்று மூன்று மணி நேரம் கழித்துத்தான் கதவைத் திறந்தீர்கள் என்றால் காரணம் அதுதான். அங்கே பிரிப்பில் சின்னத் தவறு, எடுப்பதில் பெரிய தவறு.

மூன்றாவதாக ஒரு விஷயம், பார்க்க வேடிக்கையாகவும் இருக்கும். ரோஸ் ஆகிப்போன வெள்ளைப் பருத்திச் சட்டையை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துத் தையலைப் பாருங்கள். துணி மாறியிருக்கும், தையல் நூல் மட்டும் பளிச்சென்று வெள்ளையாகவே இருக்கும். ஆயத்த ஆடைகளை அநேகமாகப் பாலியஸ்டர் நூலில்தான் தைக்கிறார்கள். பருத்திக்குப் போடுகிற சாயம் பாலியஸ்டரில் பிடிக்காது. அப்படித் தெரிந்தால் குற்றவாளி ஒரு பருத்தித் துணி, அதன் சாயம் நூலோடு சரியாகச் சேராமல் மீந்து நின்றது என்று சொல்லிவிடலாம். நைலான் இதற்கு நேர் எதிர். அக்கம்பக்கத்தில் எது கரைந்தாலும் உறிஞ்சிக்கொள்ளும். வெள்ளை நைலான் உள்ளாடைகள் மற்ற வெள்ளைகளுக்கு முன்பே மங்குவது இதனால்தான். அவற்றை வெள்ளைக் குவியலைத் தவிர வேறு எதிலும் சேர்க்காதீர்கள்.

இனி மீட்பு. சாயம் விட்ட துணியை வெளியே எடுத்துவிட்டு, மிச்சத்தை உடனே மறுபடியும் துவையுங்கள். உள்ளே இருக்கும் லேபிள் அனுமதிக்கிற அதிகபட்ச வெப்பத்தில், முழு அளவு சோப்போடு. அதில் போகவில்லை என்றால் ஆக்சிஜன் பிளீச் என்று விற்கிற பொடி, அதாவது சோடியம் பெர்கார்பனேட். பாக்கெட்டில் போட்டிருக்கிற அளவைச் சுமார் 40 டிகிரி வெதுவெதுப்பான நீரில் நன்றாகக் கரைத்து, துணி முழுவதும் மூழ்கும்படி சில மணி நேரம் ஊறவிடுங்கள். நிறம் இறங்கிக்கொண்டே இருந்தால் தண்ணீரை மாற்றி மறுபடியும் ஊறவிடலாம். கம்பளிக்கும் பட்டுக்கும் இது ஆகாது.

குளோரின் பிளீச் கையில் இருந்தால் அதை எடுக்கத் தோன்றும். அது வெள்ளைப் பருத்திக்கு மட்டும். எலாஸ்டிக் கலந்த துணி, நைலான், கம்பளி, பட்டு எல்லாவற்றையும் அது மஞ்சளாக்கும் அல்லது அரித்துவிடும். வினிகரோடோ அம்மோனியா கலந்த எதனோடுமோ அதைச் சேர்க்கவே கூடாது. நச்சு வாயு வரும்.

அடுத்த முறை இப்படி ஆகாமல் இருக்க, புதிதாக வாங்கிய அடர் நிறத் துணி ஒவ்வொன்றுக்கும் ஒரு சோதனை. உள்பக்கத் தையல் ஓரத்தை, வெளியே தெரியாத இடமாகப் பார்த்து, தண்ணீரில் நனைத்து ஒரு துளி திரவ சோப்பு தடவுங்கள். ஐந்து நிமிடம் கழித்து ஒரு வெள்ளைத் துணியை அதன்மேல் வைத்துக் கட்டைவிரலால் அழுத்திப் பிடியுங்கள். வெள்ளையில் நிறம் வந்தால் அது தனியாக, அல்லது அதே நிறத்துத் துணிகளோடு மட்டும் போக வேண்டியது. மூன்று நான்கு தடவை துவைத்தபின் மறுபடி சோதியுங்கள். பெரும்பாலான துணிகளில் மீந்து நின்ற சாயம் அதற்குள் போய்விடும். ஜீன்ஸ் இதற்கு விதிவிலக்கு. இண்டிகோ நூலின் மேல்பரப்பில்தான் இருக்கிறது; உரச உரச வருடக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக வந்துகொண்டே இருக்கும். பழைய ஜீன்ஸ்தானே என்று வெளிர் துணிகளோடு போடாதீர்கள்.

உப்புத் தண்ணீரிலோ வினிகரிலோ ஊறவைத்தால் சாயம் நின்றுவிடும் என்று பலரும் சொல்வார்கள். உப்பும் அமிலமும் சாயம் போடுகிற நேரத்தில், சாயத்தொட்டியில், தங்கள் வேலையைச் செய்பவை. கடையில் வாங்கிய பருத்தித் துணியில் மீந்து நிற்கிற சாயத்தை அவை கட்டிப்போடாது. அந்த ஒரு மணி நேரத்தில் துணியைத் தனியாக இரண்டு தடவை அலசிவிடலாம். அதில் பலன் உண்டு.

வெள்ளையும் அடர் நிறமும் ஒரே துணியில் இருந்தால், உதாரணமாகக் கறுப்புக் கோடு போட்ட வெள்ளைச் சட்டை, எந்தக் குவியல்? வெளிர் நிறங்களோடு, குளிர்ந்த நீரில். மெஷின் நின்றதும் முதலில் எடுத்து உதறிக் காயப்போட வேண்டியது அதுதான்.

வெள்ளை வெள்ளையாகவும் இல்லை, வேறு நிறமாகவும் இல்லை, சாம்பல் பூத்திருக்கிறது

இதைக் கண்டுபிடிப்பதுதான் கஷ்டம், ஏனென்றால் ஒரே நாளில் நடப்பதில்லை. ஒவ்வொரு துவைப்பிலும் கண்ணுக்குத் தெரியாத அளவு மங்கி, ஒரு நாள் புதுச் சட்டைக்குப் பக்கத்தில் மாட்டும்போது திடீரென்று தெரியும்.

எங்கள் வீட்டில் நடந்ததையே எடுத்துக்கொள்கிறேன். நிறம் பார்த்து ஒழுங்காகத்தான் பிரித்துக்கொண்டிருந்தேன். வெள்ளைக் குவியலில் வழக்கமாக இருப்பவை: மூன்று வெள்ளைச் சட்டை, நான்கு தலையணை உறை, ஆறு ஜோடி காலுறை, மேஜையும் தரையும் துடைக்கிற நான்கு வெள்ளைத் துணி. எல்லாமே வெள்ளை, அதனால் மனதில் ஒரு நிம்மதி. சில மாதங்களில் சட்டைகள் பழைய செய்தித்தாள் நிறத்துக்கு வந்துவிட்டன. சோப்பை மாற்றினேன். கொஞ்சம் கூடுதலாகப் போட்டும் பார்த்தேன். ஒன்றும் ஆகவில்லை.

மெஷினைத் திணித்து நிரப்பிவிட்டேனோ என்ற சந்தேகம் வந்து எடை போட்டுப் பார்த்தேன். சட்டை ஒன்று 200 கிராம் வீதம் 600 கிராம். தலையணை உறை நான்கும் சேர்ந்து அரை கிலோ. காலுறைகள் 300 கிராம், துடைக்கிற துணிகள் 300 கிராம். மொத்தம் 1.7 கிலோ. மெஷினோ 7 கிலோ பிடிப்பது. ஆக, இடம் போதாமல் இல்லை. பிரச்சினை அந்தக் கடைசி 300 கிராமில் இருந்தது.

சோப்பு அழுக்கைத் துணியிலிருந்து பிரித்தெடுத்ததும் அதன் வேலை முடிந்துவிடுவதில்லை. பிரிந்த அழுக்கு தண்ணீரில் மிதந்துகொண்டே இருக்க வேண்டும். வடிகிறவரை எந்தத் துணியிலும் திரும்ப உட்காரக் கூடாது. அதற்காகவே டிடர்ஜென்டில் தனியாக ஒரு சேர்மானம் போடுகிறார்கள். ஆனால் ஒரு அளவு சோப்பு தாங்குகிற அழுக்குக்கும் ஓர் எல்லை உண்டு. தரைத்துணியில் இருக்கிற புகைக்கரி, மண், எண்ணெய்ப் பிசுக்கு எல்லாம் தண்ணீரில் இறங்கும்போது அந்த எல்லை தாண்டிப்போகிறது. மிச்ச அழுக்கு, அந்தத் தண்ணீரில் இருக்கிற எல்லாத் துணியிலும் சமமாகப் படிகிறது. அழுக்குத் துணி கொஞ்சம் சுத்தமாகிறது, சுத்தமான துணி கொஞ்சம் அழுக்காகிறது. நான் சட்டைகளைத் தரைத்துணியின் அழுக்குத் தண்ணீரில் வாரம் தவறாமல் முக்கி எடுத்திருக்கிறேன், அவ்வளவுதான்.

உங்கள் வீட்டிலும் இதே காரணமா என்று எப்படித் தெரிந்துகொள்வது? மங்கல் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். முன்பக்கம், முதுகு, கைகள் எங்கும் ஒரே சீராக இருந்தால் இப்படித் திரும்பப் படிந்த அழுக்குதான் முதல் சந்தேகம். கழுத்துப் பட்டையிலும் அக்குளிலும் மட்டும் மஞ்சளாக இருந்தால் அது உடம்பின் எண்ணெயும் வியர்வையும். படிந்தது அல்ல, போகாமல் நின்றது. லேசாக நீலம் கலந்த சாம்பல் என்றால் ஜீன்ஸ் ஏதாவது கூட வந்திருக்கிறதா என்று யோசியுங்கள். மங்கலோடு துணி மொடமொடவென்று விறைப்பாகவும் இருந்தால் கடின நீரின் உப்போ அலசலில் போகாத சோப்போ இருக்கலாம். சோப்பா என்று பார்க்க, துவைத்த சட்டையைச் சோப்பில்லாத வெதுவெதுப்பான நீரில் அரை மணி நேரம் போட்டு, கையால் நான்கு தடவை அலசுங்கள். நுரை வந்தாலோ தண்ணீர் வழுவழுப்பானாலோ உள்ளே சோப்பு மிச்சம் இருக்கிறது. நான் சோப்பைக் கூட்டிப் போட்டது என் சட்டைகளில் இப்படித்தான் முடிந்தது.

பிறகு செய்தது இது. துடைக்கிற துணிகளை வெள்ளைக் குவியலிலிருந்து ஒரேயடியாக வெளியேற்றினேன். அவற்றுக்குத் தனிப் பை. கால்மிதியும் மற்ற கரடுமுரடான அழுக்குத் துணிகளும் சேர்ந்தபின் ஒன்றாகப் போகும், முன்னூறலோடு, முழு அளவு சோப்போடு. காலுறைகளின் உள்ளங்காலில் கறுத்திருப்பதும் லேசான அழுக்கு அல்ல. அவற்றை உள்புறம் வெளியே திருப்பி, அரை மணி நேரம் சோப்பு நீரில் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிய பிறகுதான் மற்ற வெள்ளையோடு சேர்க்கிறேன். சட்டையும் தலையணை உறையும் மட்டும் ஒரு குவியல்.

மங்கிப்போனதை மீட்க, சட்டைகளையும் உறைகளையும் தனியாக, லேபிள் விடுகிற உச்ச வெப்பத்தில், சரியான அளவு டிடர்ஜென்டும் பெர்கார்பனேட்டும் சேர்த்து மூன்று தடவை துவைத்தேன். பருத்தி உறைகள் நன்றாகவே திரும்பின. பாலியஸ்டர் கலந்த சட்டைகள் பாதிதான் திரும்பின. பாலியஸ்டருக்குத் தண்ணீரைவிட எண்ணெயோடு ஒட்டுதல் அதிகம். எண்ணெய்ப் பிசுக்கும் அதில் கலந்த கரியும் அதில் படிந்துவிட்டால் எளிதில் விடாது. இதனால் இப்போது ஒரு பழக்கம்: பாலியஸ்டர் கலந்த வெளிர் நிறத் துணி எதுவானாலும் லேசான அழுக்குக் குவியலைத் தவிர வேறு எதிலும் சேர்வதில்லை.

அழுக்கின் அளவைக் கண்ணால் மட்டும் முடிவு செய்தால் அடர் நிறத் துணிகள் ஏமாற்றிவிடும். கறுப்புப் பேண்டில் மண் தெரியாது. நான் பார்ப்பது மூன்று: கழுத்துப் பட்டையின் உள்மடிப்பில் கோடு விழுந்திருக்கிறதா, துணியைத் தரைமேல் ஒரு தடவை உதறினால் ஏதாவது கொட்டுகிறதா, விரலால் தேய்த்தால் பிசுக்கு ஒட்டுகிறதா. மூன்றும் இல்லை என்றால் லேசான அழுக்கு. கோடு மட்டும் என்றால் நடுத்தரம். அந்த இடத்தில் கொஞ்சம் திரவ சோப்பைத் தடவிவிட்டுப் போடலாம். உதறினால் கொட்டுவதும் விரலில் ஒட்டுவதும் கடும் அழுக்கு, தனிக் குவியல். சேறு என்றால் ஈரத்தோடு மெஷினில் போடாதீர்கள். காயவிட்டு, பிரஷ்ஷால் தட்டி உதிர்த்துவிட்டுப் போட்டால் பாதிச் சேறு தண்ணீருக்கே வராது. பெட்ரோலோ தின்னரோ பட்ட துணி எந்தக் குவியலிலும் சேராது. ஆவி தீப்பிடிக்கக்கூடியது என்பதால் மெஷினிலும் டிரையரிலும் அதற்கு இடமே இல்லை.

மற்றதெல்லாம் சுத்தம்; கழுத்துப் பட்டையும் கைமடிப்பும் அப்படியே இருக்கின்றன

இதுவும் பிரிப்பில் வருவதுதான், ஆனால் வேறு வழியாக. கலந்த குவியல் ஒன்றைப் போடும்போது, அதில் இருப்பதிலேயே மென்மையான துணிக்கு ஏற்றபடிதான் வெப்பத்தையும் சுற்றலையும் வைக்க முடியும். ஒரே ஒரு மெல்லிய மேலாடைக்காக மொத்தக் குவியலும் 30 டிகிரி மென்சுற்றில் போனது என்றால், வியர்வை ஊறிய தடித்த பருத்திச் சட்டைக்கு அது போதவே போதாது.

துணியின் உள்ளே தைத்திருக்கிற லேபிளில் தொட்டி மாதிரி ஒரு படம் இருக்கும். அதற்குள் இருக்கும் எண் அதிகபட்ச வெப்பம். தொட்டிக்கு அடியில் ஒரு கோடு இருந்தால் மிதமான சுற்று, இரண்டு கோடு இருந்தால் மிக மென்மையான சுற்று. தொட்டிக்குள் கை இருந்தால் கையால் துவைப்பது. குவியல் பிரிக்கும்போது எண்ணைவிட அடிக்கோட்டைப் பாருங்கள். கோடு இல்லாதவை ஒரு பக்கம், கோடு இருப்பவை ஒரு பக்கம். இந்த ஒரு பிரிப்பிலேயே துணி வகைச் சிக்கலில் பெரும்பகுதி தீர்ந்துவிடும். மென்சுற்றில் போடும்போது டிரம்மைப் பாதிக்கு மேல் நிரப்ப வேண்டாம். சுற்றல் குறைவு என்பதால், நெருக்கி அடைத்தால் துணி புரளாமல் பொட்டலம் மாதிரி நின்ற இடத்திலேயே நிற்கும்.

இரத்தம், வியர்வை, பால் மாதிரியான புரதக் கறை இருந்தால் வெப்பமே எதிரி. முதலில் குளிர்ந்த நீரில் ஊறவைத்து அலசுங்கள். சூடான தண்ணீரில் நேரே போட்டால் அது நூலில் வெந்து இறுகிவிடும்.

கறுப்புப் பேண்ட் முழுக்க வெள்ளைப் பஞ்சு

துணிகளில் பஞ்சு விடுகிறவை உண்டு, பஞ்சு வாங்குகிறவையும் உண்டு. டவல், கம்பளிப் போர்வை மாதிரி மெத்தென்று மயிர் விட்ட துணி, உள்புறம் பஞ்சடித்த ஸ்வெட் ஷர்ட் எல்லாம் விடுகிறவை. கார்டுராய், வெல்வெட், பாலியஸ்டர் கலந்த வழவழப்பான துணிகள் வாங்குகிறவை. இரண்டும் அடர் நிறம் என்ற ஒரே காரணத்துக்காக ஒரே குவியலுக்கு வந்துவிடுகின்றன. கருநீல டவலும் கறுப்புப் பேண்டும் நிறத்தில் ஒன்று, துணியில் பகை. நிறம் மட்டும் பார்த்துப் பிரிப்பது இங்கேதான் கால்வாரும்.

ஆனால் டவலைக் குற்றம் சொல்லும் முன் ஒன்றைப் பாருங்கள். பஞ்சு ஒன்றைப் பேண்டிலிருந்து செலோடேப்பில் ஒட்டி எடுத்து, இரண்டு நகத்தால் பிடித்து இழுங்கள். நூல் மாதிரி இழுபட்டு நீண்டால் டவலோ ஸ்வெட்டரோ. இழுபடாமல் பொடிப்பொடியாக உதிர்ந்தால் அது காகிதம். யாரோ பாக்கெட்டில் டிஷ்யூ பேப்பரை விட்டிருக்கிறார்கள். எங்கள் வீட்டில் டவலைப் பிரித்து வைத்து இரண்டு வாரம் ஆராய்ச்சி செய்த பிறகுதான், பாக்கெட்டைப் பார்க்க வேண்டும் என்று எனக்கு உறைத்தது.

ஒட்டிய பஞ்சை ஈரத்தோடு தேய்த்தால் நூலுக்குள் இன்னும் போகும். முழுவதும் காயவிட்டு, வெளியே போய் நன்றாக உதறி, மிச்சத்தை டேப்பால் எடுங்கள். மெஷினின் பஞ்சு வடிகட்டியையும் சுத்தம் செய்துவிடுங்கள், இல்லையென்றால் அடுத்த சுமையிலும் தொடரும். புது டவலை இரண்டு மூன்று தடவை தனியாகவே துவையுங்கள். அதன் பிறகும் டவல்கள் டவல்களோடுதான். அடர் நிறத் துணிகளை உள்புறம் வெளியே திருப்பிப் போட்டால், ஒட்டினாலும் உள்ளேதான் ஒட்டும்.

துணி மேல் சின்னச் சின்ன உருண்டைகள், இழுத்த நூல்

உருண்டை எங்கே இருக்கிறது என்பதுதான் கேள்வி. அக்குள், இடுப்புப் பக்கம், பை தொங்குகிற தோள் என்று உரசுகிற இடங்களில் மட்டும் இருந்தால் அது போட்டுக்கொள்ளும்போது வருவது, மெஷினுக்குச் சம்பந்தமில்லை. முதுகின் நடுவிலும் உள்புறத்திலும்கூட இருந்தால், மெல்லிய துணியை முரட்டுத் துணியோடு சுற்றவிட்டிருக்கிறீர்கள். ஜீன்ஸும் மெல்லிய பின்னல் டி-ஷர்ட்டும் ஒரே டிரம்மில் ஒரு மணி நேரம் உரசினால் வேறு என்ன நடக்கும்? பருத்தியும் பாலியஸ்டரும் கலந்த துணியில் இது அதிகம் தெரியும். பருத்தி நார் மட்டும் என்றால் உருண்டை அறுந்து விழுந்துவிடும். பாலியஸ்டர் நார் வலுவானது என்பதால் உருண்டையை விடாமல் பிடித்துக்கொண்டு நிற்கும்.

நூல் ஓரிடத்தில் மட்டும் இழுத்திருந்தால் ஹூக்கையோ ஜிப்பையோ தேடுங்கள். ஜிப்பையும் ஹூக்கையும் மூடிவிட்டு, ஹூக் வைத்த உள்ளாடையை வலைப்பைக்குள் போட்டுத்தான் மற்றவற்றோடு சேர்க்க வேண்டும். சட்டைப் பொத்தான் மட்டும் திறந்தே இருக்கட்டும். மூடிப்போட்டால் பொத்தான் தைத்த இடம் இழுபடும்.

கடைசிப் பிழிதலில் மெஷின் குதிக்கிறது, அல்லது பிழியாமலே நின்றுவிடுகிறது

ஒரே ஒரு கனமான துணியும் நான்கைந்து இலேசான துணியும் இருந்தால் இது நடக்கும். குளியல் டவல் ஒன்று காய்ந்த நிலையிலேயே அரை கிலோவுக்கு மேல் வரும். தண்ணீர் குடித்தபின் கேட்கவே வேண்டாம். அது டிரம்மின் ஒரு பக்கமாக உட்கார்ந்துகொள்ள, எதிர்ப்பக்கத்தில் ஈடுகொடுக்க எதுவும் இருக்காது. சாய்வு தெரிந்ததும் மெஷின் வேகத்தைக் குறைக்கும் அல்லது நிறுத்திவிடும். துணி சொட்டச் சொட்ட வெளியே வரும். இன்னொரு டவலைச் சேர்த்தாலே பல சமயம் சரியாகிவிடும். மெத்தை உறையை வாய் மூடாமல் போட்டால் அது மற்றத் துணிகளை விழுங்கி ஒரே மூட்டையாகிவிடும். பொத்தானைப் போட்டுவிட்டுப் போடுங்கள்.

எல்லாம் சரி, இத்தனை குவியலுக்குத் துணி எங்கே?

நியாயமான கேள்வி. இரண்டு பேர் இருக்கிற வீட்டில் ஐந்து குவியல் பிரித்தால் ஒவ்வொன்றிலும் நான்கு துணிதான் இருக்கும். அரை டிரம்முக்குத் தண்ணீரையும் மின்சாரத்தையும் செலவழிக்க யாருக்கும் மனம் வராது. அப்போது எதை விட்டுக்கொடுக்கலாம், எதைக் கூடாது என்பதற்கு ஒரு வரிசை வைத்திருக்கிறேன்.

சாயம் விடுகிற துணியில் சமரசமே இல்லை. அது காத்திருக்கட்டும், அல்லது கையால் தனியாக அலசிவிடலாம். அழுக்கில் ஓரளவு விட்டுக்கொடுக்கலாம்: கடும் அழுக்கை முதலில் வாளியில் ஊறவைத்து, அலசி, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டால் அது நடுத்தர அழுக்காக இறங்கிவிடும், மற்றதோடு சேரலாம். துணி வகையில் இன்னும் கொஞ்சம் விட்டுக்கொடுக்கலாம்: மெல்லியதை வலைப்பைக்குள் போட்டு, சுற்றலை மென்மைக்கு இறக்கி, ஜீன்ஸை மட்டும் வெளியே வைத்தால் போதும். சாயம் விடாதென்று சோதித்துப் பார்த்த பழைய வெளிர் நிறங்களும் வெள்ளையும் குளிர்ந்த நீரில் ஒன்றாகப் போனால் பெரிதாக ஒன்றும் ஆகிவிடாது. வருடக்கணக்கில் பார்த்தால் வெள்ளையின் பளிச் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். உங்களுக்கு அது பரவாயில்லை என்றால் எனக்கும் பரவாயில்லை.

அடுத்த சுமைக்காகக் காத்திருக்கிற துணியில் ஒன்றை மட்டும் கவனியுங்கள். ஈரமான டவலையும் துடைத்த துணியையும் அப்படியே கூடைக்குள் அமுக்கி வைத்தால் இரண்டே நாளில் பூஞ்சை பிடித்துக் கறுப்புப் புள்ளிகள் விழும். அந்தப் புள்ளிகளை எந்தப் பிரிப்பாலும் எடுக்க முடியாது. கம்பியில் விரித்துக் காயவிட்டு, அப்புறம் பையில் போடுங்கள்.